பிரிந்திருந்த உடன்பிறப்புகள் ஒன்றாக நிற்கும் படத்துக்குக் கேப்ஷன் எழுதுவது எப்படி?

பாளையங்கோட்டையில் அழைப்பிதழ் அச்சிடும் தொழிலில் இருப்பவன் நான். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா பிளெக்ஸ், கண்ணீர் அஞ்சலி என்று முப்பது ஆண்டுகளாகப் பிறர் வீட்டுச் சொற்களை அடுக்கிக்கொண்டிருக்கிறேன். யார் பெயருக்குப் பின் யார் பெயர் வர வேண்டும் என்பதற்காக மட்டும் மூன்று முறை புரூஃப் திரும்பி வந்த பத்திரிகைகள் உண்டு. இப்போது அதே மனிதர்கள் ஸ்டேட்டஸில் போடும் படத்துக்கும் நான்கு வரி கேட்டு வருகிறார்கள். அவற்றில் மிகவும் கவனமாக எழுத வேண்டியது ஒன்றுதான்: பல ஆண்டுகள் பேச்சு வார்த்தையில்லாமல் இருந்த அண்ணன், தம்பி, அக்கா, தங்கையர் மறுபடி ஓரிடத்தில் கூடி எடுத்துக்கொண்ட படம். அந்தப் படத்துக்குரிய குறிப்பை எழுதும் முறையை, அண்மையில் கைக்கு வந்த ஒரு வேலையை வைத்து இங்கே சொல்கிறேன். ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வந்தவர் நான்கு பேரில் கடைசித் தங்கை. பங்குனி உத்திரத்தன்று குலதெய்வமான சாஸ்தா கோயிலில் தன் மகனுக்கு முடி இறக்கிக் காது குத்தியிருந்தார். பெரிய அண்ணனும் சின்ன அண்ணனும் ஊர் வீட்டை முன்னிட்டு ஒன்பது ஆண்டுகளாக முகம் பார்த்ததில்லை. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும் என்பதால் அக்கா நேரில் போய் அழைத்திருக்கிறார், பெரியவரும் வந்துவிட்டார். படத்தில் ஆலமரத்தடி மணலில் பெரியவர் சம்மணமிட்டு அமர்ந்திருக்கிறார். அவர் மடியில் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தை வாயைப் பிளந்து அழுகிறது. சின்னவர் கடுக்கன் வைத்த தாம்பாளத்தை நீட்டிக்கொண்டிருக்கிறார். அக்கா முந்தானையால் குழந்தையின் கன்னத்தைத் துடைக்கிறார். தங்கை ஆசாரிக்குப் பின்னால் நின்று பார்க்கிறார். “அண்ணாச்சி, நான் ஒண்ணு எழுதியிருக்கேன், கொஞ்சம் அழகுபடுத்திக் கொடுங்க” என்று அவர் நீட்டிய வாசகம் இது:

“9 ஆண்டுகளுக்குப் பிறகு எல்லாவற்றையும் மறந்து, ஒருவழியாக எங்கள் பெரிய அண்ணனும் வந்துவிட்டார்! அம்மா இருந்திருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பார்! இனி எங்களை யாராலும் பிரிக்க முடியாது. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும்!”

எழுதியவர் மனத்தில் மகிழ்ச்சியைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆனால் இதைப் பெரியவரின் மனைவி படித்தால் என்ன தோன்றும் என்று கேட்டேன். அவர் சிறிது நேரம் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அழிச்சிருங்க” என்றார். அழிப்பது எளிது. எங்கே என்ன தவறு என்று தெரிந்துகொண்டால்தான் அடுத்ததைச் சரியாக எழுத முடியும்.

முதல் படி: எழுதும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை

படத்தில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் படத்தைப் போடலாமா என்று தனித்தனியாகக் கேளுங்கள். குடும்பக் குழுவில் பொதுவாகக் கேட்டால் மறுக்க நினைப்பவரும் மறுக்க மாட்டார், மனத்தில் வைத்துக்கொள்வார். நீண்ட நாள் விலகியிருந்தவரிடம் கேட்பதோடு நில்லாமல், எந்தப் படம் என்பதையும் அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். இந்த வீட்டில் பெரியவர் தேர்ந்தெடுத்தது, நால்வரும் வரிசையாக நின்று காமிராவைப் பார்க்கும் படத்தை அல்ல, குழந்தை அழும் படத்தைத்தான். யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்க வேண்டிய கட்டாயம் அதில் இல்லை.

வழக்கு நடந்துகொண்டிருக்கிறதா, பத்திரம் எதுவும் பதிவாகாமல் நிற்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம உரிமை என்பது தமிழ்நாட்டில் 1989-இலும் நாடு முழுவதும் 2005-இலும் சட்டமானது. அதன் பிறகு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கும் நாளில் விரிசல் விட்ட குடும்பங்கள் எங்கள் கடைக்கு எத்தனையோ வந்திருக்கின்றன. பாகப்பிரிவினை முடியாத வீட்டில் ‘எங்கள் வீட்டில்’, ‘அப்பா கட்டிய வீட்டு முற்றத்தில்’, ‘பூர்வீக மண்ணில்’ போன்ற தொடர்கள் இடத்தைச் சொல்வதாகத் தெரியாது, உரிமை கொண்டாடுவதாகத் தெரியும். அங்கே ஊர்ப்பெயரோ, மரத்தின் பெயரோ, கோயிலின் பெயரோ போதும்.

நால்வரில் ஒருவர் அன்று வரவில்லை என்றால் ‘அனைவரும்’, ‘மொத்தக் குடும்பமும்’ என்னும் சொற்களை முதலிலேயே விலக்கி வையுங்கள். வராதவர் அதைப் படிக்கும்போது, குடும்பக் கணக்கிலிருந்து தன் பெயரை நீக்கிவிட்டதாகத்தான் எடுத்துக்கொள்வார்.

இரண்டாம் படி: ஒட்டிக்கொண்டு வரும் சிறு சொற்களை உதிர்ப்பது

சண்டையைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லையே என்று பலரும் நினைப்பார்கள். தமிழில் சண்டையைச் சொல்லப் பெரிய சொல் எதுவும் தேவையில்லை. ஓர் ‘உம்’ போதும். ‘பெரிய அண்ணன் வந்தார்’ என்பது செய்தி. ‘பெரிய அண்ணனும் வந்தார்’ என்பது, அவர் வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை என்னும் செய்தி. ‘வந்துவிட்டார்’ என்றால் ஒரு தடை இருந்தது, அது நீங்கியது. ‘ஒருவழியாக’, ‘கடைசியில்’, ‘இப்போதாவது’, ‘மீண்டும்’, ‘பழையபடி’ ஆகிய ஒவ்வொன்றும் முன்பு வேறு மாதிரி இருந்தது என்பதைக் கையோடு கூட்டி வரும். ‘ஒன்று சேர்ந்தோம்’, ‘இணைந்தோம்’ என்னும் வினைகளுக்கும் இதே குணம் உண்டு. ‘கூடியிருந்தோம்’, ‘உட்கார்ந்திருந்தோம்’, ‘சாப்பிட்டோம்’ என்பவற்றுக்கு அந்தக் குணம் இல்லை.

‘வந்தார்’ என்னும் சொல்லைப் பற்றி இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒருவர் வந்தார் என்று எழுதினால் மற்றவர்கள் அங்கேயே இருந்தவர்கள் ஆகிறார்கள். ஒருவர் விருந்தாளி, மற்றவர் வீட்டுக்காரர் என்றாகிறது. வீடு யாருக்கு என்பதே பிணக்கின் வேராக இருந்த குடும்பத்தில் இது சின்ன விஷயமல்ல. நால்வருக்கும் ஒரே வினையைக் கொடுங்கள்; அல்லது ஆளுக்கொரு செயலைக் கொடுங்கள். ஒருவர் மட்டும் ‘வந்தவராக’ நிற்கக் கூடாது.

அடுத்தது ‘எங்கள்’. தமிழுக்கு ‘நாம்’ வேறு, ‘நாங்கள்’ வேறு. கேட்பவரைச் சேர்த்துக்கொள்வது முன்னது, சேர்க்காதது பின்னது. ‘எங்கள் பெரிய அண்ணன்’ என்று தங்கை எழுதியதைப் பெரியவர் படிக்கும்போது, அந்த ‘எங்கள்’ மூன்று பேராகவும் அவர் நான்காவதாகவும் பிரிகிறார்கள். ‘நாங்கள் நால்வர்’ என்றால் சிக்கல் இல்லை, ஏனென்றால் எண்ணிக்கை அவரையும் உள்ளே வைத்துவிடுகிறது. உடன்பிறந்தார் மட்டும் உள்ள குழுவில் போடுவதானால் ‘நாம்’ என்றே எழுதுங்கள். ஊருக்குப் போடும்போது ‘நாங்கள்’ என்பதோடு எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்.

ஆண்டுக் கணக்கை எழுதவே எழுதாதீர்கள். ‘9 ஆண்டுகளுக்குப் பிறகு’ என்பதைப் படிக்கும் உறவினர், 9 ஆண்டுகளுக்கு முன் என்ன நடந்தது என்று அடுத்த நொடியே கணக்குப் போடுவார். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்வார். அன்றைய நாளைச் சொல்ல வேண்டுமானால் பங்குனி உத்திரம் என்று சொன்னால் போதும். அது எல்லா ஆண்டும் வருவதுதானே.

எதிர்மறைகளும் இப்படித்தான். ‘எந்த மனக்கசப்பும் இன்றி’, ‘எல்லாவற்றையும் மறந்து’, ‘யாராலும் பிரிக்க முடியாது’ என்றெல்லாம் எழுதும்போது, இல்லை என்று சொல்ல வந்த பொருளைத்தான் முதலில் கண்முன் நிறுத்துகிறோம். கடைசித் தொடரில் கூடுதலாக ஒரு வம்பும் இருக்கிறது: யாரோ ஒருவர் பிரித்தார் என்றாகிறது. யார் என்று தேடும் கண்கள் பெரும்பாலும் வீட்டுக்கு வந்த மருமகள்களின் மேல்தான் போய் நிற்கும்.

பழமொழி, குறள், அம்மா

நான்கு வரி கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் பழமொழி ஒன்றோடு வருகிறார்கள். உறவைப் பற்றிய நம் பழமொழிகள் பெரும்பாலும் பிணக்கு நேர்ந்த இடத்தில் பிறந்தவை. ‘நீரடித்து நீர் விலகாது’ என்றால் அடி விழுந்திருக்கிறது. ‘தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும்’ என்றால் தான் ஆடாமல் இருந்தது ஒப்புக்கொள்ளப்படுகிறது. ‘தம்பி உடையான் படைக்கு அஞ்சான்’ என்பது நல்ல பழமொழிதான். ஆனால் எதிரே படை ஒன்று நிற்கிறது. ‘கூடி வாழ்ந்தால் கோடி நன்மை’ பிறருக்குச் சொல்லும் புத்தியாக ஒலிக்கும்.

திருக்குறளில் சுற்றந்தழால் அதிகாரத்தைத் தேடிப் பிடிப்பவர்களும் உண்டு. அதன் கடைசி இரண்டு குறள்களும், 529, 530, விலகிப் போன சுற்றத்தார் திரும்பி வருவதைப் பற்றியவை. அதனால் மிகவும் பொருத்தம் என்று தோன்றும். ஆனால் முந்தையது, விலகியதற்கான காரணம் இல்லாமல் போனால் உறவு தானே வரும் என்கிறது. பிந்தையது, ஒரு காரணத்தால் பிரிந்து மற்றொரு காரணத்தால் திரும்பி வந்தவனை வேந்தன் ஆராய்ந்து பார்த்து ஏற்றுக்கொள்ள வேண்டும் என்கிறது. அண்ணனை ஆராய்ந்து ஏற்றுக்கொண்டோம் என்று ஸ்டேட்டஸ் போடுவதற்குச் சும்மா இருந்துவிடலாம்.

அம்மாவைப் பற்றிய வரி இவற்றைவிடக் கடினமானது. ‘அம்மா இருந்திருந்தால்’ என்று எழுதும் கை அன்பினால்தான் எழுதுகிறது. ஆனால் அம்மா உயிரோடிருந்த நாளில் நால்வரும் ஒரு வேளையாவது ஒன்றாக வந்து நிற்கவில்லை என்பதை நால்வரும் அறிவார்கள். அவரவர் தனியே சுமக்கும் அந்த எண்ணத்தை ஒரு படத்தின் கீழே இறக்கி வைக்கக் கூடாது. அம்மாவைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால் அவர் விட்டுச் சென்ற பொருள் ஒன்றைச் சொல்லுங்கள். அந்தப் படத்தில் சின்னவர் நீட்டிய தாம்பாளம் அம்மாவின் சீர்த்தட்டு என்று தங்கை சொன்னார். ‘ஆச்சியின் தாம்பாளம்’ என்ற இரண்டு சொற்களில் அம்மா வந்துவிடுகிறார். எந்தக் கேள்வியும் கூடவே வருவதில்லை.

மூன்றாம் படி: படத்தில் இருப்பதை மட்டும் எழுதுவது

ஒரு தாளில் படத்தில் கண்ணுக்குத் தெரிபவற்றை எழுதிக்கொள்ளுங்கள். நாங்கள் எழுதியவை: ஆலமரம், மணல், மடி, சந்தனம், கடுக்கன், தாம்பாளம், முந்தானை, அழுகை. மனத்தில் இருப்பவற்றை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். பாசம், பந்தம், ரத்த சொந்தம் போன்ற சொற்களைப் படத்தில் காட்ட முடியாது. ஆகவே அவை எங்கே இருந்து வந்தன என்று படிப்பவர் யோசிப்பார்.

பிறகு உறவுப் பெயர்களை யார் வாயிலிருந்து சொல்வது என்று முடிவு செய்யுங்கள். இங்கே எனக்குப் பெரிதும் கைகொடுத்தது குழந்தைதான். தங்கையின் வாயில் ‘பெரிய அண்ணன்’, ‘சின்ன அண்ணன்’ என்று வந்தால் இருவருக்கும் நடுவே நடந்தது நினைவுக்கு வரும். குழந்தையின் வாயில் ‘பெரிய மாமா’, ‘சின்ன மாமா’, ‘பெரியம்மா’ என்று வந்தால் ஒவ்வொருவரும் அந்தப் பிள்ளைக்கு என்ன முறை என்பது மட்டும்தான் நிற்கிறது. வயது வரிசையும் தானாக அமைந்துவிடுகிறது. மூத்தவரை முதலில் சொல்வதில் யாருக்கும் குறை இராது. அழைப்பிதழில் நாங்கள் பின்பற்றும் வரிசையும் அதுவே. படத்தில் அண்ணியோ மச்சானோ இருந்தால் அவர்களுக்கும் அத்தை, பெரியப்பா என்று ஓர் இடம் கொடுக்க வேண்டும். உடன்பிறந்தவர்களை மட்டும் சொல்லிப் பக்கத்தில் நிற்பவரை விட்டுவிட்டால், அன்று இரவே அந்த வீட்டில் பேச்சு எழும்.

குழந்தை இல்லாத படமானாலும் வழி உண்டு. ஊர்க்காரர் கூப்பிடும் முறையில் ‘மூத்தவர், நடுவிலவர், இளையவர்’ என்று எழுதலாம். அல்லது பெயர்களை விட்டுவிட்டு ஆளுக்கொரு பொருளைக் கையில் கொடுக்கலாம்.

நான்காம் படி: நம்பிக்கையை ஒரு தேதியாக எழுதுவது

நம்பிக்கை தொனிக்க வேண்டும் என்றதும் ‘இந்த உறவு என்றென்றும் தொடரட்டும்’ என்று எழுதத் தோன்றும். ‘தொடரட்டும்’ என்பது வேண்டுதல். வேண்டுதல் என்றாலே ஐயம் இருக்கிறது. ‘என்றென்றும்’ என்பதை யாராலும் கொடுக்க முடியாது. அதற்குப் பதிலாக, நால்வரும் அடுத்து எங்கே சந்திக்கப் போகிறார்கள் என்பதை எழுதுங்கள். திட்டம் சிறியதாக இருக்கட்டும், மூன்று நான்கு மாதங்களுக்குள் வரட்டும். அதைவிட முக்கியமானது, அது உண்மையாக எல்லோரும் ஒப்புக்கொண்டதாக இருக்க வேண்டும். ஒப்புக்கொள்ளாத ஒருவரை ஊர் பார்க்க வாக்குக் கொடுக்க வைப்பது போன்ற நெருக்கடி வேறில்லை. தங்கையிடம் கேட்டபோது, சாரல் தொடங்கியதும் குற்றாலம் போகலாம் என்று பேச்சு வந்ததாகவும், அதைச் சொன்னவரே பெரியவர்தான் என்றும் சொன்னார். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தேவைப்படவில்லை.

எந்தத் திட்டமும் இல்லையென்றால் எதிர்காலத்தைப் பற்றி எழுதாமல் விட்டுவிடலாம். நால்வரும் ஒரே சட்டத்துக்குள் இருக்கும் படமே பாதியைச் சொல்லிவிடும்.

இப்படியாகக் கடைசியில் நின்ற வாசகம்:

“பங்குனி உத்திரம், சாஸ்தா கோயில் ஆலமரத்தடி. பெரிய மாமா மடி, சின்ன மாமா கொண்டுவந்த கடுக்கன், ஆச்சியின் தாம்பாளம். பெரியம்மா முந்தானையில் அழுகை நின்றது. சாரல் தொடங்கியதும் நாங்கள் நால்வரும் குற்றாலத்தில்.”

முதலில் ‘பெரியம்மா முந்தானையில்தான் அழுகை நின்றது’ என்று எழுதியிருந்தேன். அந்தத் ‘தான்’, மற்ற மூவரும் தேற்றிப் பார்த்துத் தோற்றார்கள் என்று சொல்வதாகத் தங்கையே சுட்டிக்காட்டினார். விளையாட்டாகப் படிக்கும் வீட்டில் அது இருந்திருக்கலாம், இங்கே எடுத்துவிட்டோம். வணக்கம் சொல்லும் கூப்பிய கை எமோஜியையும் அவர் சேர்த்திருந்தார். அது சிலர் கண்ணுக்கு மன்னிப்புக் கேட்பதாகத் தெரியும் என்பதால் அதுவும் போயிற்று.

ஐந்தாம் படி: போடும் முன் ஒருவருக்குப் படித்துக் காட்டுவது

வாசகத்தை யாரிடம் காட்டுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். தமக்கு மிக நெருங்கியவரிடம் காட்டினால் அவர் பாராட்டத்தான் செய்வார். குடும்பத்தில் மிக எளிதாகப் புண்படக்கூடியவர் யாரோ அவரிடம் காட்டுங்கள், அதையும் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். எந்தச் சொல்லில் அவர் முகம் மாறுகிறதோ அந்தச் சொல்லை, காரணம் கேட்காமல், எடுத்துவிடுங்கள். காரணம் கேட்டால் ஒன்பது ஆண்டுக் கதை தொடங்கிவிடும். தங்கை இதைப் பெரிய அண்ணிக்குத் தொலைபேசியில் படித்தார். அண்ணி கேட்டது, “கடுக்கன் எத்தனை கிராம்?” என்பது மட்டும்தான். வாசகம் தேறிவிட்டது என்று எனக்கு அப்போதே தெரிந்தது.

போட்ட பிறகு

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்பதால் முதல் முறைக்கு அதுவே நல்லது. குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் தெரியாதபடி அமைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். மறைக்கப்பட்டவருக்கு ஸ்கிரீன்ஷாட் வழியாகப் படம் போய்ச் சேரும், மறைத்த செய்தியும் கூடவே போகும். காட்ட விரும்புபவர்களை மட்டும் தேர்ந்தெடுப்பதானால் உடன்பிறந்தார் வீடுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முகநூலில் போட்ட பிறகு வாசகத்தைத் திருத்தினால் முந்தைய வடிவத்தைத் திருத்த வரலாற்றில் பிறர் பார்க்க முடியும். ஆகவே அங்கே திருத்தம் என்பது எழுதியதையும் அழித்ததையும் சேர்த்துக் காட்டுவதாகிவிடும். சொல் சறுக்கிவிட்டால் பதிவை நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுவதே மேல். இன்ஸ்டாகிராமில் 2,200 எழுத்துகள் வரை இடம் உண்டு, ஆனால் தொடக்கம் மட்டும்தான் திறக்காமலே கண்ணில் படும். அங்கே முதல் தொடரை நாளும் இடமுமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கருத்துகளில் மூன்று வகை வரும். வாழ்த்துபவருக்கு நன்றி போதும். ‘எத்தனை வருஷம் ஆச்சு இப்படிப் பார்த்து!’ என்று வியப்பவருக்கு ஆண்டைச் சொல்லாமல் படத்துக்குள்ளிருந்தே பதில் சொல்லுங்கள்: ‘குட்டி இன்னும் காதைத் தொட விடமாட்டேன் என்கிறான்.’ ‘அப்போ வீட்டு விஷயம் முடிஞ்சுதா?’ என்று கேட்பவருக்குப் பொதுவில் பதிலே வேண்டாம். முகநூலில் அந்தக் கருத்தை மறைத்தால் எழுதியவருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் அது தெரிந்துகொண்டேதான் இருக்கும். அவர்களில் பாதிப் பேர் உங்களுக்கும் உறவினராக இருப்பார்கள். ஆகவே நீக்கிவிடுங்கள், பிறகு அவரைத் தொலைபேசியில் அழைத்து வேறு எதையாவது பேசுங்கள்.

தங்கை அன்று மாலை ஸ்டேட்டஸ் போட்டார். ஒரு மணி நேரத்தில் சின்ன அண்ணன் அதே வாசகத்தை எடுத்துத் தன் ஸ்டேட்டஸில் போட்டதாகவும், பெரியவர் வாசகம் எதுவும் இல்லாமல் படத்தை மட்டும் போட்டதாகவும் எனக்குச் செய்தி அனுப்பினார். கூடவே ஒரு கேள்வியும் இருந்தது: குற்றாலத்தில் எடுக்கும் படத்துக்கு இப்போதே நான்கு வரி யோசித்து வைக்க முடியுமா? படம் வரட்டும் என்று பதில் அனுப்பினேன்.